நைனா கேட்டு வாங்கிய பாஸ்போர்ட்

நைனாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அடிபம்புக்கு வாசர் மாற்றியது. திருவொற்றியூரில் எங்கள் சந்துக்கு மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்தில் பம்பு வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நைனா ஸ்பேனரால் மேல்மூடியைக் கழற்றினார். நான் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். தோல் வாசர் ஓரமெல்லாம் சுருண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்தது. புது வாசரை அவர் முதல் நாளே எண்ணெயில் ஊறப்போட்டிருந்தார்.

"நேரா புடி மதி. இன்ஸ்ட்ருமெண்ட் படிச்ச கை இப்டியா ஆடும்?"

"நீ அந்தப் பக்கம் ஆட்றதாலதான் நைனா இங்க ஆடுது."

"பழி போட மட்டும் நல்லா கத்துகினு வந்துருக்க."

அப்போது அவர் போன் அடித்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து. பாஸ்போர்ட் விசாரணைக்கு ஆதாரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நைனா கையைத் துடைத்து, சட்டை மாட்டி, தலை வாரினார். பம்பு பிரித்தபடி கிடந்தது.

"இத்த யாரு மூட்றது?" என்றேன்.

"நீ மூடு. பாஸ்போர்ட்டு முக்கியம்."

அவர் திரும்பி வந்தபோது பம்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. விசாரணை எப்படி என்று அம்மா கேட்டாள். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டாராம். எங்கேயும் இல்லை என்றாராம் நைனா. பின்னே எதற்குப் பாஸ்போர்ட் என்று அவர் கேட்க, "வூட்ல இருக்கட்டும் சார்" என்று சொன்னாராம்.

"உன்ன உள்ள வெக்காம அனுப்புனாரே, அதுவே பெருசு" என்றாள் அம்மா.

வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் ஏன் நினைத்தார் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நைனாவின் பெயர் கிருஷ்ணப்பன். எர்ணாவூரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் எண்ணூர்ப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பைப் ஃபிட்டராகச் சேர்ந்தார். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன். எண் பொறித்தது. காலையில் கேட்டில் அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். சங்கு ஊதியதும் வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். நடுவில் டோக்கனைக் கேட்டால், வேலையை விட்டு ஓடுகிறான் என்று அர்த்தம். மேஸ்திரி கேட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் விசாரிப்பார். நைனா அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் சங்கு ஊதுமுன் ஒரு நாளும் டோக்கன் கேட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொன்னார் என்று அம்மா இன்னும் சிரிப்பாள்.

தொழிற்சாலை மூடிய பிறகு சில வருஷம் காண்ட்ராக்ட் வேலை. 2017-ல் கத்தார் போனார். தோஹாவுக்கு வெளியே ஒரு பராமரிப்புக் கம்பெனி. போய் இறங்கியதும் தங்குமிட ஆபீசில் விசா வேலைக்காகப் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். அதோடு ஒரு கட்டுக் காகிதங்களில் கையெழுத்தும் வாங்கினார்கள். நைனா போட்டார். அங்கே தங்கும் உரிமைக்கான அட்டை வந்த பிறகும் பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியிலேயே இருந்தது.

அவருக்கு அது விசித்திரமாகப் படவில்லை. பாஸ்போர்ட்டும் ஒரு டோக்கன் ஆகிவிட்டது. வேலையில் இருக்கும்வரை கேட்டில் இருக்கும். சங்கு ஊதினால் தருவார்கள். புதிதாக வரும் பையன்கள் தயங்கினால் அவரே தேற்றியிருக்கிறார். "குட்டுடு தம்பி. டோக்கன் மாதிரிதான்."

அவரோடு ஒரே அறையில் இருந்தவர் ராயபுரம் முபாஷிர். ஏ.சி. மெக்கானிக். நைனாவைவிடப் பத்து வயது சின்னவர். இந்த டோக்கன் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். "மாமு, உன் கம்பெனில டோக்கன்ன புடுங்கிகினா நீ வூட்டுக்கு நடந்து பூடலாம். இங்க கடல்ல நடப்பியா?"

2018 தொடக்கத்தில் நைனா ஒருமுறை லீவில் வந்தார். அப்போது நாட்டை விட்டு வெளியே வர எக்சிட் என்ற அனுமதி வேண்டும். வேலை கொடுத்த கம்பெனிதான் அங்கே ஸ்பான்சர், அரபியில் கஃபீல். கஃபீல் ஒப்புக்கொண்டால்தான் விமான நிலையத்தில் விடுவார்கள். வேறு கம்பெனிக்கு மாறவும் அவர்கள் சம்மதக் கடிதம் வேண்டும். அதற்கு ரிலீஸ் என்று பெயர். நைனாவுக்கு அந்த முறை எக்சிட் கிடைத்தது. ஊர் வந்து திரும்பிப் போனார். போனதும் பாஸ்போர்ட்டை மறுபடி ஆபீசில் கொடுத்துவிட்டார். பிறகு கொரோனா. அதன்பின் ஆள் பற்றாக்குறை. லீவு தள்ளிக்கொண்டே போனது.

2022-ல் அவர் கால் வீங்கியது. அங்கே வாட்ஸப்பில் பேச முடியாது, குரல் பதிவுதான் அனுப்புவார். "சப்பல் டைட்டா கீது" என்றுதான் முதலில் சொன்னார். சப்பலை மாற்றினார். பிறகு முகமும் வீங்கியது. முபாஷிர் பிடித்துத் தள்ளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அடுத்தடுத்து எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார்கள். நான் ஒரு ஆலையில் அளவுக்கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். ஒரு அளவு மேலே ஏறிக்கொண்டே போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது, வெயிலில் வேலை செய்யவே கூடாது, உடனே வரச் சொல், இன்னும் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் டயாலிசிஸ்தான் என்றார்.

நைனா போர்மேனிடம் கேட்டார். ஆலையை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன் வேலை முடியட்டும் என்றார் போர்மேன். முடிந்தது. இன்னொன்று தொடங்கியது.

"நீ கெளம்பி வா நைனா" என்று பதிவு அனுப்பினேன்.

"எக்சிட் குட்டாத்தான் வர முடியும். பாஸ்போர்ட் அவங்கையில கீது. சும்மா கெளம்பி வான்னா, இன்னா, திருவொற்றியூர் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுற மாதிரியா?"

அன்றிரவு அந்த நாட்டுச் சட்டத்தின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். புது இயந்திரத்தின் கையேட்டைப் படிப்பது போலத்தான். எது எதைத் தடுக்கிறது, எது திறந்தால் எது திறக்கும்.

எக்சிட் என்ற தடுப்பு இல்லை. 2018 கடைசியிலேயே நைனா மாதிரி ஆட்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். முன் அனுமதி வேண்டும் என்று ஒரு சிறு பகுதி ஊழியர்களை மட்டும் கம்பெனி காரணம் சொல்லி அமைச்சகத்தில் பதிந்து வைக்கலாம். பைப் ஃபிட்டரை அப்படிப் பதிய வாய்ப்பு குறைவு. ரிலீசும் 2020-லேயே போய்விட்டது. இல்லாத ஒரு கதவுக்குச் சாவி கேட்டு நைனா நின்றிருக்கிறார். எக்சிட் வேண்டாம் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை.

மிச்சம் பாஸ்போர்ட். தங்கும் உரிமைக்கான வேலை முடிந்ததும் முதலாளி அதைத் திருப்பித் தர வேண்டும். தொழிலாளியே எழுத்தில் கேட்டுக்கொண்டால் மட்டும் வைத்திருக்கலாம். அப்போதும், தொழிலாளி கேட்ட நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். தராவிட்டால் அபராதம்.

கேட்ட நேரத்தில். அதாவது கேட்க வேண்டும். என் நைனாவிடம் அது ஒன்றுதான் முடியாத காரியம்.

"கேளு நைனா" என்றேன்.

"வேல நடந்துகினு இருக்கும்போது எப்டிமா கேக்கறது?"

"சங்கு ஊத மாட்டாங்க. நீதான் கேக்கணும்."

"கேட்டா ஓடறான்னு நெனப்பாங்க."

"நெனச்சா நெனச்சிக்கட்டும்."

மறுநாளும் அவர் வழக்கம்போல வேலைக்குத்தான் போனார். அம்மா போனைப் பிடுங்கி, "யோவ், வூடு வந்து சேர்றியா இல்ல அங்கயே வேலைக்குத் தாலி கட்டிக்கிறியா?" என்று ஒரு பதிவு அனுப்பினாள். அதைக் கேட்டும் அவர் ஆபீஸ் பக்கம் போகவில்லை.

வேறு வழி தெரியாமல் என் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினேன். ஒருமுறை கம்பெனிப் பயிற்சிக்காக எடுத்தது. அதில் ஒரு வரி அச்சடித்திருந்தது. இந்தப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் படமெடுத்து நைனாவுக்கு அனுப்பினேன். கீழே தமிழிலும் எழுதினேன். டோக்கன் கம்பெனியோடது நைனா. அதனால கம்பெனி வெச்சிக்கலாம். இது கம்பெனியோடது இல்ல. உன்னுதும் இல்ல. சர்க்கார் உன் கையில குடுத்து வெச்சிருக்கு.

கொஞ்ச நேரத்தில் பதிவு வந்தது. குரல் மாறியிருந்தது.

"அப்ப நான் சர்க்கார் சொத்த எட்த்துகினு போய் இன்னொருத்தன் அலமாரில வெச்சிட்டு வந்துருக்கேனா?"

"ஆமா."

"அஞ்சு வருசமாவா?"

"ஆமா நைனா."

"இத்த மொதல்லயே சொல்ல வோணாமா? படிச்சவதானே நீ."

உரிமை என்று நான் சொல்லியிருந்தால் அவர் நகர்ந்திருக்க மாட்டார். பொறுப்பு என்றதும் எழுந்துவிட்டார்.

பிறகு நடந்ததை முபாஷிர் சொல்லித் தெரியும். நைனாவும் பலமுறை சொல்லியிருக்கிறார். இருவர் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

அடுத்த விடுமுறை நாளில் நைனா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். முபாஷிரும் கூடப் போனார். அங்கே பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துக்கொண்டவர் ஜெபசிங். நாசரேத் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை.

"என்னண்ணே, லீவு நாளும் அதுவுமா?"

"பாஸ்போர்ட் வோணும் தம்பி."

"என்ன அவசரம்? நீங்கதான வச்சிருக்கச் சொல்லி எழுதிக் குடுத்திய. இந்தா, கையெழுத்து இருக்கு பாருங்க." ஜெபசிங் கோப்பைத் திருப்பிக் காட்டினார். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கீழே நைனாவின் கையெழுத்து.

நைனா அதைப் பார்த்தார். "ஆமா. என் கையெழுத்துதான். வெச்சிக்கன்னு சொன்னதும் நான்தான். குடுன்னு கேக்கறதும் நான்தான்."

"மேனேஜர்ட்ட கேக்கணும்ணே. அவரு ஊர்ல இல்ல."

"அவர்து இல்லியே. அவரயேன் கேக்கணும்?"

"பின்ன யாருது?"

"சர்க்கார்து."

ஜெபசிங் முபாஷிரைப் பார்த்தார். முபாஷிர் சுவரைப் பார்த்தார்.

"எந்த சர்க்கார்ணே?"

"இந்தியா சர்க்கார். நான் தெரியாம உன் அலமாரில வெச்சிட்டேன். தப்பு என் மேலதான். நாளைக்கி எம்பசில கேட்டா உன் பேரு வரக் கூடாது பாரு. அதான் எட்த்துகினு பூடலாம்னு வந்தேன்."

நைனா மிரட்டியதே இல்லை. உண்மையாகவே ஜெபசிங் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் பயந்தார். ஆனால் கேட்டவருக்கு அது மிரட்டலாகப் பட்டது. ஜெபசிங் எழுந்து வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்ப வந்து, மதியம் வரச் சொன்னார். நைனா போகவில்லை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கால் வீக்கத்துக்கு இன்னொரு நாற்காலியை இழுத்து அதில் நீட்டிக்கொண்டார். ஜெபசிங் டீ வாங்கிக் கொடுத்தார். நைனா குடித்தார். மறுபடி கேட்டார். அதே குரலில், கோபமே இல்லாமல்.

"அண்ணே, ஒம்ம மாரி ஆளு ஒருத்தர் போதும், என் வேலைக்கு உலை வைக்க" என்றார் ஜெபசிங்.

முபாஷிர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இன்னொரு ஆளும் கீறேன் சார். என்னுதும் குட்டுடு."

அலமாரி திறந்தது. பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாக இருந்தன. ஜெபசிங் தேடி எடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். நைனா வாங்கிப் புரட்டி, சொத்து என்று போட்டிருந்த வரியை முதலில் பார்த்தார். அச்சு இருந்தது. மகள் சொன்னது சரிதான் என்றாராம்.

வாசலில் ஜெபசிங் தாழ்ந்த குரலில் கேட்டார். "அண்ணே, போறதுன்னா எப்பப் போறிய?"

"எக்சிட் குட்டா போவேன்."

ஜெபசிங் சுற்றுமுற்றும் பார்த்தார். "எக்சிட்டெல்லாம் இப்ப ஏதுண்ணே? உங்க பேரு அந்த லிஸ்ட்டுலயும் இல்ல. வேலைய விடுறேன்னு நோட்டீஸ எழுதிக் குடுத்துட்டு, அந்த நாள் முடிஞ்சதும் கெளம்புங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதிய."

நைனா எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் நான் தயாரித்துக் கொடுத்தேன். நோட்டீஸ் இல்லாமல் கிளம்பினால் ஒரு வருஷம் அங்கே மறுபடி வேலைக்குப் போக முடியாது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் சொல்லாமல் போக நைனா சம்மதிக்கவில்லை. டாக்டர் சீட்டைக் காட்டியதில் அந்த நோட்டீஸ் காலத்துக்கு அவரை வெயிலிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அதை நான் நன்றியோடு சொல்ல வேண்டும்.

முபாஷிர் ஊருக்கு வரவில்லை. வேறு கம்பெனியில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. ரிலீஸ் இல்லாமல் நடக்காது என்று அறையில் எல்லோரும் சொன்னார்கள். ஓடிப்போனவன் என்று கம்பெனி போலீசில் எழுதிக் கொடுத்துவிடும் என்றும் பயமுறுத்தினார்கள். முபாஷிர் நோட்டீஸ் காலம் முழுவதும் ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போனார். புது ஒப்பந்தத்தோடு அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டார். மாற்றம் ஏற்கப்பட்டது என்று போனில் செய்தி வந்தது. அதை நைனாவிடம் படித்துக் காட்டியபோது நைனா கேட்டாராம், "ரிலீசு?" என்று. "இதான் மாமு ரிலீசு. நாமளே உட்டுக்கறது."

விமான நிலையத்தில் என்ன நடந்தது என்பதை நைனா சொல்லி நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அடுத்த மூன்று வருஷம் வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னார்.

அவர் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். அதிகாரி வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். நைனா நகரவில்லை. அடுத்து எக்சிட் கேட்பார், இல்லை என்று சொல்ல வேண்டும், பிறகு விளக்கம் சொல்ல வேண்டும், என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்த வாக்கியங்கள். அதிகாரி அவரைப் பார்த்தார். நைனா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கையை வீசி, "யல்லா" என்றார். போ என்று அர்த்தம்.

"அந்தாளு கேக்கவே இல்ல" என்பார் நைனா, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "அத்தினி நாளு மனப்பாடம் பண்ணிகினு போனேன். கேக்கவே இல்லப்பா."

சென்னையில் நான் வெளியே காத்திருந்தேன். நடந்து வந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முகம் வீங்கித்தான் இருந்தது. பரவாயில்லை. வந்துவிட்டார்.

அந்த வாரமே மருத்துவம் தொடங்கியது. நேரத்துக்கு வந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். அளவு ஏறுவது நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. நான் வரைபடம் போட்டு வைத்திருந்தேன். டயாலிசிஸ் வரவே இல்லை. உப்பில்லாத சாப்பாட்டைத் தின்றுகொண்டு அம்மாவைத் திட்டினார். அம்மாவும் திட்டினாள். பக்கத்தில் ஒரு பட்டறையில் அரை நாள் வேலை பார்த்தார். சந்தில் வளைகுடாவுக்குப் போகும் யாரையும் விட மாட்டார். "இன்னாத்துல வேணா கையெழுத்து போடு, அத்த மட்டும் கையில வெச்சிக்க. அது உன்னுது இல்ல." கேட்பவர்கள் குழம்பிப் போவார்கள்.

2025-ல் பாஸ்போர்ட் காலாவதி ஆனது. புதுப்பிக்க வேண்டும் என்றார். எங்கே போகப் போகிறாய் என்றோம்.

"நான் எங்க போறேன்? இந்த வூடு, அந்தப் பட்டறை. ஆனா குடுத்தவங்க கேட்டா காட்டணும் இல்ல?"

விலாசம் எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூருக்கு மாறியிருந்ததால் போலீஸ் விசாரணை. அதுதான் அந்த அடிபம்பு நாள்.

அது முடிந்த அடுத்த வாரம் ஒரு காலை அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு, தூக்கத்திலேயே என்றார்கள். சொந்தப் பாயில், சொந்த வீட்டில். பக்கத்தில் அம்மா இருந்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். இவ்வளவுதான் என்னால் இப்போதைக்கு எழுத முடிகிறது. ஆனால் இதுவும் உண்மை. அவர் கத்தாரில் அந்த அறையில், அந்த வெயிலில், நாங்கள் யாரும் இல்லாமல் போகவில்லை. போயிருந்தால் அவர் உடலை அனுப்பித் தரவும் யாரையாவது கேட்டுக்கொண்டிருப்போம். முபாஷிர் தோஹாவிலிருந்து ஒரு பதிவு அனுப்பியிருந்தார். "மாமு யாரையும் கேக்காம பூட்டாரு, மதி." அழுதுகொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து நைனாவின் போனில் ஒரு செய்தி. பாஸ்போர்ட் அனுப்பப்பட்டுவிட்டது. பிறகு தபால்காரர் வந்தார். ரோசி என்று பெயர். சந்தில் எல்லோருக்கும் தெரிந்தவர்.

"கிருஷ்ணப்பன் சார் இல்லியா? அடையாள அட்டையோட வரச் சொல்லு. கையெழுத்து போடணும்."

சொன்னேன். ரோசி வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு உறையைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"கோச்சுக்காத மதி. இத்த வூட்டுக்காரங்ககிட்டகூட குட்க முடியாது. அவர் கையில மட்டும்தான் தரணும். ஆபீசுக்கே திருப்பி அனுப்பிடுவாங்க."

"வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாதா?"

"யார்கிட்டயும் கூடாது."

சரி என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அது சர்க்காரிடமே போகட்டும்.

வாசல் ஆணியில் நைனாவின் வெள்ளைச் சட்டை மாட்டியிருந்தது. தபால் வரும் நாளில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரே இஸ்திரி போட்டு மாட்டியது. அதன் பையில் ஒரு பேனா இருந்தது.